மூணு நாள்

செவ்வாய்க்கிழமை ராத்திரி யாழினியின் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த செல்வி, "என்னங்க, இங்க வந்து பாருங்க" என்றாள். தறியை விட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். வயிற்றிலும் மார்பிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். தடவினால் கைக்குத் தட்டுப்படாத அளவு சின்னது. அரிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள் குழந்தை.

காய்ச்சல் தொடங்கி அது ஐந்தாம் நாள். மருந்துக்கடையில் வாங்கிய பாராசிட்டமால் சிரப்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொடுத்தால் இரண்டு மணி நேரம் குறையும், மறுபடி கொதிக்கும். மழைக்காலம். ஆரணியில் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் காய்ச்சல்.

"அம்மை போட்டிருக்கு" என்றார் என் அம்மா. சொன்ன கையோடு வேப்பிலைக் கொத்தை ஒடித்துவந்து நிலைப்படியில் செருகினார். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கிட்டுப் போவக்கூடாது. மூணு தண்ணி ஊத்தினா ஆத்தா இறங்கிடுவா."

"இது அம்மை மாதிரி இல்லம்மா. அம்மைன்னா நீர் கோத்துக்கும்" என்றேன். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்குத்தான் தெரிந்திருந்தது.

செல்வி குழந்தையின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்தேன். பிள்ளை வளர்ப்பு பற்றி ஃபேஸ்புக்கில் ஒரு குழு, யாழினி பிறந்ததிலிருந்து அதில் இருக்கிறேன். அதில் போட்டேன். '6 வயசு பாப்பா, 5 நாளா காய்ச்சல், இது என்னன்னு தெரியுமா?'

பத்து நிமிடத்தில் ஒரு அம்மா பதில் போட்டிருந்தார். 'பயப்படாதீங்க சகோ. வைரல் ராஷ். காய்ச்சல் இறங்கும்போது இப்படித்தான் வரும். என் பையனுக்கும் அச்சு அசல் இதே மாதிரி வந்துச்சு. டாக்டர்கிட்ட போனா சும்மா ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து உடம்பைக் கெடுத்துடுவாங்க. மூணு நாள்ல தானா மறைஞ்சிடும்.' அதற்குப் பதினான்கு பேர் லைக் போட்டிருந்தார்கள். அந்தப் பதினான்கு எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

"காலைல டாக்டர்கிட்ட காட்டிடலாம்ங்க" என்றாள் செல்வி.

"மூணு நாள் பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதில் இன்னொரு கணக்கும் இருந்தது. தறியில் ஒரு முகூர்த்தப் புடவை, முந்தி மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை முதலாளி கையில் இருக்க வேண்டும். கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம். டோக்கன் போட்டால் அரை நாள் போய்விடும். இதை நான் செல்வியிடம் சொல்லவில்லை. என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை புள்ளி முதுகுக்கும் பரவியது. 'பரவித்தான் இறங்கும்' என்று அந்த அம்மா எழுதினார். வியாழக்கிழமை காலை குழந்தையின் கண் இரப்பை உப்பியிருந்தது. கஞ்சி வேண்டாம் என்றாள். போனில் பொம்மைப்படம் வைத்துக் கொடுத்தேன். அதையும் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். போனை வேண்டாம் என்ற பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதாவது எழுந்திருக்க வேண்டும். தறிக்குப் போய் உட்கார்ந்து நாடாவை ஓட்டினேன். பாவில் ஆயிரக்கணக்கான இழை. அதில் ஒன்று அறுந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இருபது வருஷத் தொழில்.

அன்று ராத்திரி பதினொரு மணி இருக்கும். "மூச்சைப் பாருங்க" என்று செல்வி என்னை உலுக்கினாள். குழந்தைக்கு விலா எலும்பு உள்ளே போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

108க்குப் போன் செய்தோம். ஆரணியில் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, உடனே வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி போகும்போது செல்வி ஒரு வார்த்தை பேசவில்லை. முகமூடியைக் குழந்தையின் முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடியே வந்தாள்.

வேலூரில் ஒரு பெண் டாக்டர். வயது முப்பதுக்குள் இருக்கும். புள்ளிகளை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு குழந்தையின் உடம்பு முழுக்க எதையோ தேட ஆரம்பித்தார். முடியை விலக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், தொடை இடுக்கில். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. வலது கையைத் தூக்கினார். நின்றுவிட்டார்.

"இங்க வாங்க."

அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு. மிளகை நசுக்கி ஒட்டிவைத்த அளவு. சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி.

"இது எத்தனை நாளா இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. செல்விக்கும் தெரியவில்லை. அந்த வருஷம்தான் யாழினி தானே குளிக்கப் பழகியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, "யாரும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிப்பாள். அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

"வலிக்காது, அரிக்காது. பிள்ளைங்க சொல்லாது" என்றார் டாக்டர். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்கயாவது புதர்ல, புல்லுல விளையாடினாளா?"

தீபாவளிக்குப் படவேட்டில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜவ்வாது மலை அடிவாரம். வாழைத்தோப்புக்குப் பின்னால் கரை நெடுக முழங்கால் உயரம் புல். நாள் பூரா அதில்தான் புரண்டாள். நான்தான் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

ஸ்க்ரப் டைபஸ் என்றார். உண்ணிக் காய்ச்சல் என்று பேப்பரில் போடுவார்களே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி புல்லிலிருந்து ஏறிக் கடிக்கிறது. கடித்த இடம் இப்படிக் கருகுகிறது. காய்ச்சல் வந்து நாலைந்து நாள் கழித்துத்தான் உடம்பில் புள்ளி தெரியும். பார்த்தால் எந்தக் காய்ச்சல் புள்ளி போலவும் இருக்கும். "நுரையீரல்ல நீர் சேர்ந்திருக்கு. தட்டணுவும் குறைஞ்சிருக்கு. இந்தக் காய்ச்சலுக்கான ரத்த டெஸ்ட் ரிசல்ட் வர வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல, மருந்தை இப்பவே ஆரம்பிக்கிறோம்."

"இதுக்கு மருந்து இருக்குங்களா மேடம்?"

"டாக்சிசைக்ளின். ரொம்பப் பழைய ஆன்டிபயாட்டிக். புள்ளி வந்த அன்னைக்கே காட்டியிருந்தா, அநேகமா வாய் வழியாவே கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐ.சி.யூ. வாசலில் ஒரு பெஞ்சு. இரண்டு ராத்திரி அதில் இருந்தோம். சனிக்கிழமை விடியற்காலை நர்ஸ் வெளியே வந்து, "ஜுரம் விட்டுடுச்சு. தண்ணி கேக்கறா" என்றார். செல்வி சுவரில் தலையை முட்டுக்கொடுத்து அழுதாள். ஏழு நாள் காய்ந்த காய்ச்சல், மருந்து ஏறிய இரண்டாம் நாள் விட்டுவிட்டது.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் போனைத் திறந்தேன். அந்த அம்மா எழுதியிருந்தார். 'பாப்பாவுக்கு மறைஞ்சிடுச்சா சகோ?' அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் காட்டியதைத்தான் அவர் பார்த்தார். அக்கறையோடுதான் சொன்னார். பதில் எழுதுவதற்காக அந்தப் படத்தைத் தேடி கேலரிக்குப் போனேன். குழுவில் போட்டது, வயிறும் மார்பும் மட்டும். புள்ளிகள் தெளிவாகத் தெரியட்டும் என்று ஓரத்தை வெட்டிவிட்டுப் போட்டிருந்தேன். வெட்டாத படம் அதற்கு முன்னால் இருந்தது. அதில் செல்வியின் கை குழந்தையின் வலது கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அக்குள் தெரிகிறது. விரலால் பெரிதாக்கினேன்.

இருந்தது. கறுப்பாக, வளையத்தோடு.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் செல்வியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். நிலைப்படியில் வேப்பிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துப் போட்டாள். பிறகு யாழினியைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி, கையைத் தூக்கிப் பார்த்தாள். பொருக்கு உதிர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

"கூசுதும்மா" என்றாள் யாழினி.

"இன்னொரு கையைக் காட்டு" என்றாள் செல்வி.