லைன் 2 அளவு மாற்றுத் தாள்: 1 கிலோ சீரகச் சம்பாவிலிருந்து 5 கிலோ பொன்னி புழுங்கலுக்கு

மன்னார்குடி ஆலையின் இரண்டாம் பேக்கிங் லைனில் ஷிப்ட் பார்க்கும் சூப்பர்வைசர்களுக்காக, இயந்திரத்தோடு வந்த ஆங்கிலத் தாள் இங்கே தமிழில் தரப்பட்டுள்ளது. நம் ஆலையின் அளவுகளும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன. திரையில் தெரியும் பெயர்கள் திரையில் உள்ளபடியே விடப்பட்டுள்ளன. புதிய அளவில் முதல் பை நன்றாக வெளியே வந்துவிட்டால் மாற்றம் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. கெட்ட பையை லைன் தானாகத் தள்ளி வெளியேற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றம் முடிந்ததாகும்.

நிறுத்துதலும் காலி செய்தலும்

லைனை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சூப்பர்வைசர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். காற்று வால்வையும் மூடி, குழாயில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். மின்சாரம் நின்ற பின்னும் தள்ளியின் சிலிண்டர் கையை நசுக்கும் அளவுக்கு அதில் விசை இருக்கும். சீல் வைக்கும் தாடைகள் ஆறும் வரை அவற்றின் அருகே யாரும் கை வைக்கக் கூடாது.

ஹாப்பர், எடைக் கிண்ணங்கள், இறங்கு குழாய், கன்வேயரின் அடித்தட்டு ஆகியவற்றில் ஒரு சீரகச் சம்பா மணிகூடத் தங்கியிருக்கக் கூடாது. பொன்னியில் கலந்த பொடி அரிசியை வாங்குபவர் உடனே கண்டுகொள்வார், குறை கலப்படம் என்றே பதியும். பழைய பிலிமையும் தேதி அச்சிட்ட மீதிப் பைகளையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கிடங்குக்கு அனுப்பிய பிறகே புதிய பிலிம் ரோல் லைனுக்குள் வர வேண்டும்.

பிலிமும் ஐ மார்க் சென்சாரும்

380 மி.மீ. அகலக் காலரைக் கழற்றி, 580 மி.மீ. பிலிமுக்கான காலரையும் குழாயையும் பொருத்த வேண்டும். அதன்பின் பூட்டைத் திறந்து மின்சாரம் கொடுத்து, `RECIPE` திரையில் 5 கிலோ பொன்னியைத் தேர்ந்தெடுத்து, `BAG LENGTH` 440 எனக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

5 கிலோ பிலிமில் ஐ மார்க் எதிர் ஓரத்தில் இருப்பதால், சென்சாரைத் தண்டில் நகர்த்தி, வெளிச்சப் புள்ளி மார்க் ஓடும் பாதையில் நடுவாக விழும்படி இறுக்க வேண்டும். லென்சை முதலில் உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து ஆலை இரவும் பகலும் ஓடும் தை, மாசி மாதங்களில் தவிட்டுத் தூசி லென்சில் படிந்து, சென்சார் மார்க்கைத் தவறவிடுவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்சில் ஈரம் பூப்பதும் அதே தவறையே செய்யும். துடைக்காமல் `TEACH` செய்தால், அழுக்கையும் சேர்த்தே சென்சார் கற்றுக்கொள்ளும். கருப்பு மார்க்கின் மேல் ஒருமுறையும், வெள்ளைப் பட்டையின் மேல் ஒருமுறையும் கற்பித்து, அரிசி இல்லாமல் பத்துப் பைகளை ஓட்டி, வெட்டு ஒரே இடத்தில் விழுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

அச்சில் நிகர எடை, தயாரிப்பு மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை புதிய பைக்கு உரியவைதானா என்பதை இருவர் தனித்தனியே வாசித்துக் கையெழுத்திட வேண்டும்.

கன்வேயர்

பக்கத் தடுப்புகளை 5 கிலோ பையின் அகலத்துக்கு இருபுறமும் ஒரு விரல் இடம் விட்டுத் தள்ளி வைத்து, பெல்ட் வேகத்தை நொடிக்கு 400 மி.மீ.இலிருந்து 300 மி.மீ.ஆகக் குறைக்க வேண்டும். பை படுத்த நிலையில், நீளவாக்கில் செல்ல வேண்டும். குறுக்காகத் திரும்பினால் கீழே தரப்பட்ட நேரக் கணக்கு பொருந்தாது.

எடைச் சோதனை

செக்வெயர் திரையில் `TARE` 7 கிராமிலிருந்து 24 கிராமாக மாற வேண்டும். இதைப் பலமுறை வலியுறுத்தக் காரணம் உண்டு: காலிப் பையின் பழைய எடை அப்படியே நின்றுவிட்டால், ஒவ்வொரு பையும் உள்ளதைவிட 17 கிராம் கூடுதலாகத் தெரியும், குறை எடைப் பை நல்ல பையாகக் கடந்து போகும். 5 கிலோ பைக்குப் பொட்டலப் பொருள் விதிகள் அனுமதிக்கும் குறைவு 1.5 சதவீதம், அதாவது 75 கிராம். அது தனிப் பைக்கான எல்லை மட்டுமே. பைகளின் சராசரி 5,000 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆகவே நம் இலக்கு 5,010 கிராம். 4,980க்குக் கீழும் 5,050க்கு மேலும் உள்ள பைகள் ரிஜெக்ட் ஆக வேண்டும்.

ரிஜெக்ட் நேரம்

தள்ளிக்கு முன்னுள்ள சென்சார், பையின் முன் ஓரத்தைத்தான் பார்க்கிறது. தள்ளியோ பையின் நடுவில் இடிக்க வேண்டும். சென்சாருக்கும் தள்ளியின் மையத்துக்கும் இடைவெளி 700 மி.மீ. நிரம்பிய 5 கிலோ பையின் நீளம் 400 மி.மீ. என்பதால் அதில் பாதியான 200 மி.மீ.யையும் சேர்த்து, பை மொத்தம் 900 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் அதற்கு 3 நொடி ஆகும். சிலிண்டர் நீண்டு வர எடுக்கும் 0.15 நொடியைக் கழித்தால் மதிப்பு கிடைக்கும்.

```
REJECT DELAY = (700 + 200) / 300 - 0.15 = 2.85 s
1 kg: 1900 ms
5 kg: 2850 ms
```

பழைய 1900 மாறாமல் நின்றால், தள்ளி பாய்ந்து வரும் வேளையில் பையின் முன் ஓரம் தள்ளியின் மையத்துக்கு 85 மி.மீ. பின்னே இருக்கும். தள்ளித் தட்டின் பாதி அகலம் 75 மி.மீ. மட்டுமே என்பதால் அது வெறும் காற்றைத் தள்ளிவிட்டுத் திரும்பும். கெட்ட பை நல்ல பைகளோடு சேர்ந்து பெட்டிக்குப் போய்விடும். விளக்கு எரிந்து ஒலி எழுவதை மட்டும் கேட்டுவிட்டு, ரிஜெக்ட் வேலை செய்தது என்று எழுதுவது இதனால்தான் போதாது. காற்றழுத்தம் 6 பாரில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் கணக்கு சரியாக இருந்தும் தள்ளி பிந்தும்.

பெல்ட் வேகத்தை யாராவது பிறகு மாற்றினால் இந்த மதிப்பையும் மீண்டும் கணக்கிட்டு மாற்ற வேண்டும். இரண்டும் தனித்தனி திரைகளில் இருப்பதால் தானாக மாறாது.

நிரூபித்தல்

மெட்டல் டிடெக்டருக்கு இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிய மூன்று சோதனைத் துண்டுகளும் வேண்டும். மூன்றில் கண்டுபிடிக்கக் கடினமானது ஸ்டெயின்லெஸ் என்பதால், நேரம் நெருக்குகிறது என்று அதை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் நல்ல பையின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடங்களில் வைத்து ஓட்டி, ஒவ்வொரு முறையும் அந்தப் பை ரிஜெக்ட் பெட்டிக்குள் விழுந்ததைப் பார்க்க வேண்டும். பின்னர் 100 கிராம் அரிசியை எடுத்துவிட்டு ஒட்டிய பையைச் செக்வெயர் வழியே ஓட்டி, அதுவும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ரிஜெக்ட் பெட்டியின் நிரம்பு சென்சாரைக் கையால் மறைத்துப் பிடித்தால் லைன் நிற்க வேண்டும். சோதனைப் பைகளுக்குச் சிவப்பு நாடா ஒட்டப்பட வேண்டும். ஓட்டிய எண்ணிக்கையும் பெட்டியிலிருந்து எடுத்த எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் உற்பத்தியைத் தொடங்கலாம்.

உற்பத்தி ஓடும்போது உலோகச் சோதனையை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஒரு சோதனை தவறினால், அதற்கு முந்திய சரியான சோதனைக்குப் பின் வந்த எல்லாப் பைகளையும் தனியே நிறுத்தி, லைன் சரியான பிறகு மறுபடி அதே டிடெக்டர் வழியே ஓட்ட வேண்டும். லாரி காத்திருந்தாலும் இதில் விலக்கு இல்லை. அந்த முடிவை எடுக்கும் சூப்பர்வைசருக்கு ஆலை முழுதாகத் துணை நிற்கும்.

மாற்றம் பாதியில் இருக்கும்போது ஷிப்ட் மாறினால், முடிந்த பகுதிகளில் கையெழுத்து இட்டிருந்தாலும், ரிஜெக்ட் நேரம் முதல் நிரூபித்தல் வரை உள்ளவற்றை வருபவர் தாமே மறுபடி செய்ய வேண்டும். நிறைவுற்ற தாள் ஷிப்ட் பதிவேட்டில் கோக்கப்பட்டு, தரக்கட்டுப்பாட்டு அறையில் வைக்கப்படும்.