ஆறு புளியங்கொட்டைகள்

என் வெள்ளைக் கோட்டின் இடப்பக்கப் பையில் ஆறு புளியங்கொட்டைகள் இருக்கின்றன. ஒரு பந்து வீசப்பட்டதும் ஒரு கொட்டையை எடுத்து வலப்பக்கப் பைக்கு மாற்றுவேன். இடப்பை காலியானால் ஓவர் முடிந்தது என்று பொருள். என் ஆயா பல்லாங்குழி ஆடிய கொட்டைகளிலிருந்து பொறுக்கி எடுத்தவை இவை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் விரல்கள் உருட்டி உருட்டி இவற்றின் முனைகள் மழுங்கி, எண்ணெய் தடவிய கல்லைப் போலப் பளபளப்பாகிவிட்டன. இப்போது ஆறும் இடப்பையில் இருக்கின்றன. ஆட்டத்தின் கடைசி ஓவர் தொடங்கப்போகிறது.

எண்பது ஓவர்களில் எழுபத்தொன்பது முடிந்துவிட்டன. மேட்டுத்தெரு அணி 146 ஓட்டங்கள் எடுத்தது. பள்ளத்தெரு அணி எட்டு விக்கெட்டுகளை இழந்து 139இல் நிற்கிறது. வெற்றிக்கு எட்டு ஓட்டங்கள் வேண்டும், பந்துகள் ஆறு. மட்டையுடன் எதிரே நிற்பவன் லோகன். என் அருகில் ஓடத் தயாராக நிற்பவன் சிபு. பந்து தீனாவின் கையில் இருக்கிறது. அவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் முதன்முதலாகப் பந்தெடுத்து வீசிய நாளில் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியவன் நான்தான்.

தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்த மைதானத்தில் ஆண்டுதோறும் நவம்பர் நடுவில் இந்த ஆட்டம் நடக்கும். எங்கள் முன்னோரை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையை இரண்டு தெருவாரும் இதற்கென ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அறுவடைக்காக எங்கோ கரும்பைக் கொளுத்தியிருக்கிறார்கள். கரித்துகள்கள் காற்றில் மிதந்து வந்து என் கோட்டின் மீது உட்காருகின்றன.

தீனா ஓடி வருகிறான். முதல் பந்தை லோகன் கவர் பக்கமாக அடித்து இரண்டு ஓட்டங்கள் எடுக்கிறான். ஒரு கொட்டை இடம் மாறுகிறது. அடுத்த பந்து லோகனுக்கு எட்டாத தூரத்தில் போகிறது; இரு கைகளையும் விரிக்கிறேன். வைடு என்பதால் ஓட்டம் ஒன்று சேரும், கொட்டை மாறாது. தீனா தலையைக் கவிழ்த்துக்கொண்டு திரும்புகிறான். இன்னும் ஐந்து பந்துகள், ஐந்து ஓட்டங்கள்.

அதற்கடுத்த பந்து லோகனின் காலில் மோதுகிறது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் என்னை நோக்கிக் கத்துகிறார்கள். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வந்ததைத் தெளிவாகக் கண்டேன். அங்கே விழுந்த பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது. தலையசைத்து மறுக்கிறேன். தீனா முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறான். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டிய எதிலும் எனக்கு இன்றுவரை தடுமாற்றம் இல்லை. எழுபத்தேழு வயதிலும் என் கண்களை நான் நம்புகிறேன்.

காதுகளின் கதை வேறு. 1966இல் சர்க்கரை ஆலையின் கரும்பு பிழியும் பிரிவில் சேர்ந்து, முப்பத்தொரு ஆண்டுகள் அந்த உருளைகளுக்கு அருகிலேயே நின்றேன். எங்களுக்குக் காதடைப்பான் கொடுக்க அந்நாளில் எவருக்கும் தோன்றவில்லை. பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட இரைச்சல் முதலில் மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைத்தான் எடுத்துச் செல்லும் என்று பிற்பாடு ஒரு மருத்துவர் விளக்கினார். மனிதர்களின் பேச்சு ஓரளவு கேட்டுக்கொண்டிருக்கும். குருவிகளின் குரல் போய்விடும். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் நம் டர்பன் பையன் சேனுரன் முத்துசாமி தன் முதல் டெஸ்டில் கோலியைத் தன் கையாலேயே பிடித்து வெளியேற்றியபோது, வீடே துள்ளியது. அந்த ஆரவாரத்திலும் என் பேத்தி எழுந்து தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். குறைத்த பிறகு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, மற்றவர்களோ வர்ணனையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பேசுபவரின் உதட்டைப் பார்த்துத் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

மூன்றாவது பந்து. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே எழும்பி வருகிறது. லோகன் மட்டையை நீட்டுகிறான், பந்து மட்டையை ஒட்டியோ ஒட்டாமலோ கடந்து கீப்பரின் கையில் போய் அடங்குகிறது. கீப்பர் பந்தை வானில் எறிகிறான். தீனா என் பக்கம் திரும்பி, இரு கைகளையும் உயர்த்தி, முழங்காலிட்டுவிடுவான் போலக் கேட்கிறான். பந்தின் போக்கு மாறியதாக எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் மாறியிருந்தாலும் இந்த வேகத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. மட்டையின் விளிம்பு எழுப்பும் அந்தச் சின்னஞ்சிறு 'டிக்' என்ற ஒலியை மட்டுமே இங்கு ஒரு நடுவர் நம்ப முடியும். என் காதுகளில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஸ்கொயர் லெக்கில் தெம்பா நிற்கிறார். பள்ளி ஆசிரியர், நாற்பது வயதுக்காரர், நல்ல காதுகள் உள்ளவர். அவர் என்னைப் பார்க்கிறார். ஓரடி முன்னே எடுத்து வைக்கிறார். ஐயம் வந்தால் சக நடுவரைக் கலந்துகொள், அதன் பின்னும் ஐயம் நீங்காவிட்டால் மட்டையாளரை வெளியேற்றாதே என்பது விதி. அந்த விதியை இந்த மைதானத்துப் பிள்ளைகளுக்கு நானே பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருபது கஜம் நடந்து போய், "தெம்பா, உமக்கு ஏதாவது கேட்டதா?" என்று கேட்டால் போதும். ஆனால், விளிம்பில் பட்ட ஒலிக்காக இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு முறைகூட அப்படி நடந்ததில்லை. நடந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் காரணம் புரிந்துவிடும்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நாட் அவுட்" என்றேன்.

"தாத்தா, கேட்கலையா?" என்றான் தீனா. கோபம் இல்லை அவன் குரலில். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான்.

"ஐயம் இருந்தால் மட்டையாளருக்குத்தான், தம்பி. போய் வீசு."

நான் சொன்னது விதி. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

நான் நடுவராக நிற்கத் தொடங்கிய 1970களில் இந்த நாட்டில் எதுவும் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. எந்தக் கடற்கரையில் குளிக்கலாம், எந்த இருக்கையில் உட்காரலாம், எந்தத் தெருவில் வீடு கட்டலாம் என்பதையெல்லாம் தோலின் நிறம் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். மைதானங்களும் அப்படியே பிரிந்து கிடந்தன. இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று நிறவெறியை எதிர்த்த கிரிக்கெட் நிர்வாகி ஹசன் ஹோவா முழங்கியதை எங்கள் ஆட்கள் வேதவாக்காகக் கொண்டு, மண் தரையில் தென்னை நார் பாய் விரித்து, நான்கு பக்கமும் ஆணி அடித்து ஆடினார்கள். என் அப்பா ஒருநாள், "வெளியே எங்கே போனாலும் நமக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டம், இந்த இருபத்திரண்டு கஜத்துக்குள்ளேதான் எல்லாருக்கும் ஒரே சட்டம். அதைக் கெடுக்காம நிக்க ஒருத்தன் வேணும்" என்று சொல்லி என் தோளில் கோட்டைப் போட்டார். அந்தக் கோட்டை அணிந்துகொண்டுதான் இப்போது முகத்தைத் திருப்பினேன்.

நான்காவது பந்து. ஓடி வருகையிலேயே தீனாவின் தோள் தளர்ந்திருப்பது தெரிகிறது. பந்து பாதி தூரத்தில் விழ, லோகன் அதைத் திருப்பி அடிக்க, அது எல்லைக் கோட்டையும் தாண்டிக் கரும்புக்குள் போய் மறைகிறது. தரையில் பட்டு உருண்டதால் நான்கு ஓட்டங்கள். பள்ளத்தெருப் பெண்கள் வடைத் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுகிறார்கள். அந்த நான்கு ஓட்டங்கள் என் வாயிலிருந்து வந்தவையாக இருக்கலாம். 146, இரண்டு அணிகளும் சமம்.

பந்தைக் கரும்பு நடுவே தேடிக் கொண்டுவரச் சிறிது நேரம் பிடிக்கிறது. எல்லையோரக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருக்கின்றன. மஞ்சள் உடல்கள் தலைகீழாகத் தொங்கி அலகைத் திறந்து திறந்து மூடுகின்றன. சிபு அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்றைக்கு இவை போடும் சத்தம் தாங்கவில்லை என்பது போலக் காதைப் பொத்திக் காட்டுகிறான். நானும் பழக்கத்தால் தலையாட்டுகிறேன்.

ஐந்தாவது பந்தில் லோகன் வீசிய மட்டை பந்தைத் தொடவில்லை. மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை.

இடப்பையில் ஒரே ஒரு கொட்டை. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தீனா ஓடி வந்து வீசுகிறான். நேரான, முழு நீளப் பந்து. லோகன் அதை மிட் ஆன் பக்கம் தட்டிவிட்டு உடனே ஓடுகிறான். சிபு அதற்கு முன்பே கிளம்பிவிட்டான். மிட் ஆனில் நின்ற பையன் ஒரே கையால் பந்தை அள்ளி என் முனையின் ஸ்டம்பை நோக்கி எறிகிறான். பந்தின் வழியை மறைக்காமல் பக்கவாட்டில் விலகி, கோட்டுக்கு நேராக வந்து நிற்கிறேன். பார்வையைக் கோட்டை விட்டு எடுக்கவில்லை. லோகன் நீட்டிய மட்டையின் நுனி சுண்ணாம்பைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. மட்டை கோட்டின் மேல் இருக்கிறது. கோட்டைத் தாண்டவில்லை. பெயில்ஸ் இரண்டும் பறந்துவிட்டன. கோட்டின் மேல் இருப்பது உள்ளே இருப்பதாகாது. மட்டையின் விளிம்பில் ஒட்டிய வெள்ளைத் தூளைக்கூட எண்ணிச் சொல்லிவிடுவேன் போல அவ்வளவு கூர்மையாகத் தெரிந்தது.

விரலை உயர்த்தினேன்.

லோகன் ஒரு கணம் மட்டையையும் கோட்டையும் பார்த்தான். பிறகு எழுந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்தான். ஆட்டம் சமனில் முடிந்தது. கடைசிக் கொட்டையை வலப்பைக்கு மாற்றினேன். விழுந்த பெயில்ஸைப் பொறுக்கினேன். தெம்பா அங்கிருந்தே தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். இரண்டு தெருப் பையன்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

தீனா மட்டும் என்னிடம் வந்தான். என் இடப்பக்கமாக நின்று, காலால் மண்ணைத் தள்ளியபடியே ஏதோ சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அவன் உதடு தெரியவில்லை. என் கழுத்து தானாகவே அசையத் தொடங்கியது. அதை நிறுத்தினேன்.

"தீனா, எனக்குக் காது கேட்கவில்லை. இப்போது மட்டுமில்லை. அந்த மூன்றாவது பந்திலும் கேட்கவில்லை. தெம்பாவைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டேன். நீ என்ன சொன்னாய்? கொஞ்சம் உரக்கச் சொல்."

அவன் நிமிர்ந்து வெகுநேரம் என்னையே பார்த்தான். பிறகு சுற்றி வந்து, என் வலப்பக்கம் நின்று, காதுக்கு அருகே குனிந்தான்.

"டீ ஆறுது, வாங்க தாத்தான்னு சொன்னேன்."