சுகாதாரச் சேவை அமைப்பு: மாதிரி வினாத்தாளும் விடைக் குறிப்பும்

பொதுச் சுகாதாரப் பாடப் பரீட்சைக்குத் தயாராகும் திருகோணமலை மாணவர்களுக்காக. நேரம் ஒன்றரை மணித்தியாலம். மொத்தம் 100 புள்ளிகள். முதலில் விடைக் குறிப்பை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள்.

வினா 1 (20 புள்ளிகள்)

மூன்று மட்டச் சுகாதாரப் பராமரிப்பு என்பதை இலங்கையின் நிறுவனங்களைக் கொண்டு விளக்குக. "ஒரு வைத்தியசாலை ஒரு மட்டத்துக்கு மட்டுமே உரியது" என்ற கூற்றை ஏற்றுக்கொள்கிறீர்களா?

விடைக் குறிப்பு: முதலாம் மட்டத்தில் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளும் பிரதேச வைத்தியசாலைகளும் வருகின்றன. இரண்டாம் மட்டத்தில் ஆதார வைத்தியசாலைகளும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளும். மூன்றாம் மட்டத்தில் போதனா வைத்தியசாலைகளும் தேசிய வைத்தியசாலைகளும். நோய்த்தடுப்புப் பக்கத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு தனிக் கோடாக ஓடுகிறது. அதில் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீட்டு வாசல்வரை போகிறார்கள். இந்த முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது. இந்த நோய்த்தடுப்புப் பக்கத்தை விட்டுவிடுவோருக்கு 5 புள்ளிகள் போய்விடும்.

கூற்றை ஏற்க முடியாது. மட்டம் என்பது கொடுக்கப்படும் பராமரிப்பின் தன்மை. மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சளிக்காய்ச்சலுக்கு மருந்து வாங்கும் ஒருவர் பெறுவது முதலாம் மட்டப் பராமரிப்புத்தான். கட்டடம் பெரிது, சேவை அடிப்படையானது.

இந்திய வழிகாட்டி நூல்களிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல். உப நிலையத்துக்கு 5,000 பேர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000, சமூக சுகாதார நிலையத்துக்கு 1,20,000 என்பவை இந்தியச் சமவெளிப் பகுதிகளுக்கான அளவுகள். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிகளில் அவை 3,000, 20,000, 80,000 ஆகக் குறையும். இந்தியாவைக் கேட்டால் எழுதுங்கள். இலங்கையைக் கேட்ட வினாவுக்கு இவற்றை எழுதினால், உங்கள் ஊர் வைத்தியசாலையை நீங்கள் பார்த்ததே இல்லை என்று திருத்துபவர் நினைப்பார்.

வினா 2 (45 புள்ளிகள்)

சம்பூரைச் சேர்ந்த 52 வயது மீனவர். ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. இடது பெருவிரலின் அடியில் புண் வந்து மூன்று வாரமாகிறது. யாரிடமும் காட்டாமல், விடியற்காலை முதல் பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி நேராகத் திருகோணமலை வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார். நான்கு மணித்தியாலம் வரிசையில் நின்று ஐந்து நாள் மாத்திரையோடு திரும்புகிறார். இரண்டு வாரம் கழித்துப் புண் நாறத் தொடங்கியபோதுதான் ஊருக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போகிறார்.

(அ) பராமரிப்புப் பாதை எங்கெங்கே அறுந்தது? (15)
(ஆ) பிரதேச வைத்தியசாலை வைத்தியராக உங்களை எண்ணிக்கொண்டு, ஆதார வைத்தியசாலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுக. (20)
(இ) சிகிச்சை முடிந்த பின் என்ன நடக்க வேண்டும்? (10)

விடைக் குறிப்பு (அ): தாமதத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: உதவி நாட முடிவெடுப்பதில், வந்து சேர்வதில், சேர்ந்த இடத்தில் தகுந்த சிகிச்சை கிடைப்பதில். மகப்பேற்று மரணங்களை ஆராய உருவான இந்தச் சட்டகம் இங்கும் பொருந்தும். மூன்று வாரம் வீட்டில் இருந்தது முதலாவது. தொலைவும் பஸ்ஸும் இரண்டாவது. வரிசையில் நின்றவரின் செருப்பைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லாமல் போனது மூன்றாவது.

பெரும்பாலானோர் "நோயாளி ஒழுங்கை மீறினார்" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, நியாயமும் இல்லை. இலங்கையில் பரிந்துரைத் துண்டு இல்லாமலே எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் போகலாம். வாயிற்காப்பு முறை கிடையாது. போன முறை பக்கத்து வைத்தியசாலையில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர், அடுத்த முறை பட்டணத்துக்கு வருவது அவருக்குச் சரியான கணக்கு. கீழ் மட்டத்தில் மருந்தும் பரிசோதனையும் நிச்சயமாகக் கிடைத்தால்தான் தாண்டிப் போவது குறையும். இதை எழுதியவருக்கு முழுப் புள்ளி.

விடைக் குறிப்பு (ஆ): நடைமுறையில் கடிதம் ஆங்கிலத்தில் போகும், விடையைத் தமிழில் எழுதலாம்.

"சத்திரசிகிச்சை நிபுணருக்கு. 52 வயது ஆண், மீனவர், 6 ஆண்டு நீரிழிவு. இடது பெருவிரல் அடியில் 2 செ.மீ. புண், ஐந்து வாரம், துர்நாற்றமுள்ள கசிவு. காய்ச்சல் இல்லை. பாத நாடி தெரிகிறது. பாதத்தில் தொடு உணர்வு குறைவு. எழுந்தமானக் குருதிச் சீனி 312 மி.கி./டெ.லீ. இரத்த அழுத்தம் 150/90. மெற்போமின் 500 மி.கி. இருவேளை, ஒழுங்காக எடுக்கவில்லை. ஒவ்வாமை இல்லை. இங்கே புண் கழுவிக் கட்டப்பட்டது. ஏற்புத் தடுப்பூசி கொடுக்கப்பட்டது. எலும்பில் தொற்று உண்டா என்று பார்த்து, இறந்த இழையம் அகற்றும்படி வேண்டுகிறேன். தொடர்ந்து புண் கட்டுவதையும் சீனிக் கட்டுப்பாட்டையும் நாங்கள் ஏற்கிறோம். உங்கள் விடுதியுடன் இன்று காலை 9.40க்குத் தொலைபேசியில் பேசினேன்."

நிபுணரிடம் எதைக் கேட்கிறோம், எதை நாமே செய்வோம் என்ற இரு வரிகளுக்கு மட்டும் 8 புள்ளிகள். "மேலதிக சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு 2. அந்த ஒற்றை வரியோடு வரும் நோயாளியிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். கால் அதுவரை காத்திருக்காது.

விடைக் குறிப்பு (இ): மீள்பரிந்துரை. செய்த சிகிச்சை, மாற்றிய மருந்து, அடுத்த பரிசோதனை நாள் ஆகியவை எழுதப்பட்டு அவர் சம்பூர்ப் பக்கம் திரும்ப வேண்டும். பல இடங்களில் இந்தத் திரும்பும் வழியின் ஒரே சுமைதாங்கி நோயாளியின் கிளினிக் கொப்பிதான்: ஓரம் நனைந்து, உப்புக் கறை படிந்து, படகுப் பெட்டியில் பொலித்தீனுக்குள் கிடக்கும் அதே கொப்பி. அதில் நிபுணர் எழுதும் மூன்று வரிகள் தெளிவாக இருந்தால் ஒரு விரல் தப்பும்.

வினா 3 (35 புள்ளிகள்)

மேற்படி மீனவரின் குடும்பத்தின் மாதச் செலவு 72,000 ரூபா. அந்த மாதத்தில் வெளி மருந்தகத்தில் மருந்து 3,900, தனியார் ஸ்கான் 4,500, வான் வாடகை 14,000 ரூபா. இழந்த உழைப்பு 15,000 ரூபா. குடும்பத்தின் மாதச் செலவில் 10 வீதம் எல்லை எனக் கொண்டு, இந்தச் சுகாதாரச் செலவு பேரழிவுச் செலவா எனக் கணிக்க. "இலவச மருத்துவம் இருக்கும்போது சொந்தப் பணம் ஏன் செலவாகிறது?" என ஆராய்க.

விடைக் குறிப்பு: 3,900 + 4,500 = 8,400. அதை 72,000ஆல் வகுத்தால் 11.7 வீதம். எல்லையைத் தாண்டுகிறது, ஆகவே பேரழிவுச் செலவு. வான் வாடகையையும் இழந்த கூலியையும் கூட்டியவர்களுக்குக் கணிப்புப் புள்ளி இல்லை, ஏனெனில் இந்தக் குறிகாட்டி சுகாதாரச் செலவை மட்டும் எண்ணுகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே அதைச் சுட்டிக்காட்டுங்கள்: வாடகையைச் சேர்த்தாலே 31 வீதமாகிறது. தொலைவில் இருப்பவரின் உண்மைச் சுமையைக் குறிகாட்டி குறைத்துக் காட்டுகிறது என்று எழுதுபவருக்கு 6 மேலதிகப் புள்ளிகள்.

ஆராய்வில், நிதியிடலின் மூன்று பணிகளான பணத்தைத் திரட்டல், அதை ஒன்றுசேர்த்தல், அதைக் கொண்டு சேவைகளைக் கொள்வனவு செய்தல் ஆகியவற்றைத் தொட வேண்டும். அரச சேவை வரியில் நடக்கிறது. மத்தியும் மாகாணமும் பகிர்ந்து நடத்துகின்றன. படுக்கை நோயாளருக்கு அந்தப் பாதுகாப்பு வலிமையானது. ஆயினும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் பையிலிருந்து போவது அரைவாசியை நெருங்குகிறது. அதில் பெரும்பகுதி வெளிநோயாளர் சிகிச்சை, மருந்து, பரிசோதனை. காப்புறுதியின் பங்கு சிறிது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மாதாமாதம் மருந்து கேட்கும் நோய்கள். ஆகவே பிரதேச வைத்தியசாலை மருந்தகத்தில் மெற்போமின் தீரும் ஒவ்வொரு நாளும், செலவு அரசிடமிருந்து அந்த மீனவரின் மடிக்கு மாறுகிறது.