பொருள்: வரவேண்டிய ரீஃபண்ட் ரூ.22,040 எங்கே நிற்கிறது? மதிப்பீட்டு ஆண்டு 2025-26, ஒப்புகை எண் 482910370180725

வணக்கம் ஐயா / அம்மா,

ஓய்வூதியத்தில் வாழ்கிறவள் நான். மேலே சொன்ன ஒப்புகை எண்ணில் 2025 ஜூலை 18 அன்று ஐடிஆர் 1 தாக்கல் செய்து, அன்றைக்கே ஆதார் ஓடிபி போட்டு சரிபார்ப்பையும் முடித்துவிட்டேன். என் கணக்கில் உள்நுழைந்துதான் இதை அனுப்புகிறேன், அதனால் பான் எண் உங்கள் திரையிலேயே இருக்கும். இன்றைக்கு 2026 பிப்ரவரி 2. பணம் இன்னும் வரவில்லை.

கணக்கு சிக்கலானது இல்லை. ஓய்வூதியம் ரூ.3,60,000, வைப்புத்தொகை வட்டி ரூ.2,14,000, நிலையான கழிவு 75,000 போக மிச்சம் ரூ.4,99,000. புதிய வரி முறையில் 87ஏ தள்ளுபடி போக, கட்டவேண்டிய வரி எதுவும் இல்லை. ஆனால் வங்கி வட்டியில் 10 சதவீதம், அதாவது ரூ.21,400 பிடித்துவிட்டது. ஏப்ரலிலேயே 15எச் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள், மறந்தது நான், அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. பிடித்த தொகை 26ஏஎஸ்-இல் ஒரு ரூபாய் குறையாமல் இருக்கிறது.

செப்டம்பர் 9 தேதியிட்ட 143(1) அறிவிப்பில் உங்கள் அலுவலகமும் இதையே ஒத்துக்கொண்டிருக்கிறது. ரூ.21,400-உம், ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு மாதம் 107 வீதம் வட்டி 642-உம் சேர்த்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி ரூ.22,040 என்று போட்டிருக்கிறது. ஆகவே தொகையில் எனக்கும் உங்களுக்கும் தகராறே இல்லை.

செப்டம்பர் 22 அன்று பணம் என் கணக்கில் ஏறாமல் திரும்பிவிட்டது. என் வங்கிக் கிளையைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்ததில் ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தது, நான் பழைய எண்ணையே விட்டுவைத்திருந்தேன். இதுவும் என் பக்கத்துத் தவறுதான். தெரிந்ததும் அக்டோபர் 14 அன்று புதிய எண்ணோடு கணக்கை மறுபடி சரிபார்த்தேன். இப்போது அது சரிபார்க்கப்பட்ட கணக்கு, ரீஃபண்டுக்குத் தேர்ந்தெடுத்த கணக்கு என்றே காட்டுகிறது, பெயரும் பான் அட்டையில் உள்ளபடியே. மறுநாள் அக்டோபர் 15 அன்று Refund Reissue பக்கத்தில் கோரிக்கை கொடுத்தேன். அதன் நிலை அன்றும் Submitted, இன்று காலை பார்த்தபோதும் Submitted. மூன்றரை மாதமாக அந்த ஒரு சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 8 அன்று இதே இடத்தில் ஒரு புகார் கொடுத்தேன். பதினோரு நாள் கழித்து, "உங்கள் வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி பதில் வந்தது, புகார் தீர்ந்ததாக மூடப்பட்டது. சரிபார்த்த தேதியை அந்தப் புகாரின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். தயவுசெய்து அதே பதிலை இன்னொரு முறை அனுப்ப வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். அக்டோபர் 15 கோரிக்கை ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, இல்லை யாரும் இன்னும் திறந்தே பார்க்கவில்லையா? பணம் வங்கிக்கு அனுப்பப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், எந்தப் பரிவர்த்தனை எண்ணில் என்று சொல்லுங்கள், நான் கிளையில் போய்க் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம்தான் பாஸ்புக் பதிந்து வந்தேன், ஜனவரி ஓய்வூதியத்துக்கு அப்புறம் ஒரு வரவும் இல்லை. பழைய பாக்கி எதற்காவது 245-ஆம் பிரிவில் நேர்செய்துவிட்டீர்களா என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் அப்படிச் செய்யுமுன் வரவேண்டிய அறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை, நிலுவைப் பக்கமும் காலியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் வட்டி. என் கவனக்குறைவால் போன அக்டோபர் மாதத்துக்கு நான் கேட்கவில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நாலு மாதத்துக்கு 244ஏ பிரிவின்படி 107 வீதம் ரூ.428 வருகிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னத் தொகைதான், ஆனாலும் நான் வரி கட்டத் தாமதித்தால் என்னிடமும் வட்டி கேட்பீர்கள் இல்லையா.

இன்னொன்று. "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று இதுவரை இரண்டு முறை செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது, நான் தொடவில்லை. அதனால் பதிலை இந்தப் புகாரின் கீழேயே போடுங்கள். தொலைபேசியில் யாராவது கூப்பிட்டு கணக்கு எண் கேட்டால் சொல்லமாட்டேன்.

143(1) அறிவிப்பு, அக்டோபர் கோரிக்கைப் பக்கத்தின் படம், பாஸ்புக்கின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ம. கோமதி