போட்டோவோட சேர்த்து இதையும் படிச்சிடுங்க

சாருக்கும் அம்மாவுக்கும் வணக்கம்,

போட்டோவ 12க்கு 18 சைஸ்ல பிரிண்ட் போட்டு அனுப்பிருக்கேன், ஃப்ரேம் இன்னும் போடல, காரணம் கடைசில சொல்றேன்.

நீங்க ரெண்டு பேரும் சேர்ல உக்காந்திருக்கறது மட்டும்தான் இங்க எடுத்தது. உங்க பிள்ளைங்கள்ல பெரியவர் கனடாலேருந்தும், பாப்பா ஆஸ்திரேலியாலேருந்தும், சின்னவர் துபாய்லேருந்தும் அனுப்புன படத்த வெட்டி பின்னாடி நிக்க வச்சிருக்கேன். எல்லாருக்கும் போன் பண்ணி உயரம் என்னன்னு கேட்டேன்ல, அது இதுக்குத்தான், ரெண்டு இஞ்ச் தப்பாச்சுன்னா கூட வீட்ல உள்ளவங்களுக்கு பட்டுன்னு தெரிஞ்சிரும்.

பெரியவர் படம்தான் ரொம்ப ஈஸி, ஜன்னல் பக்கத்துல நின்னு வேற ஆள் எடுத்தது, ஒரிஜினல் ஃபைலாவே வந்துச்சு. பாப்பாவோடது முதல்ல வாட்ஸ்அப்ல சாதா போட்டோவா வந்ததால முடியெல்லாம் மசமசன்னு இருந்துச்சு, டாக்குமெண்ட்டா திரும்ப அனுப்ப சொன்னப்புறம்தான் சரியாச்சு. சின்னவர்தான் படுத்திட்டார்! கைய நீட்டி எடுத்த செல்ஃபி, பக்கத்துல வச்சு எடுத்தா மூக்கு பெருசாவும் காது சின்னதாவும் விழும், அதுக்கு மேல வெளிச்சம் எதிர்ப்பக்கத்துலேருந்து வருது. படத்த அப்படியே திருப்பி போட்டுப் பாத்தேன், வெளிச்சம் சரியாச்சு ஆனா கன்னத்து மச்சம் வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் போயிருச்சு, வகிடும் மாறிருச்சு. அம்மா பாத்தா இது யாரு புள்ளைன்னு கேப்பாங்கன்னு அதை விட்டுட்டேன். அஞ்சடி தள்ளி போன வச்சு, ஜன்னல் இடப்பக்கம் இருக்குற மாதிரி வேற ஆள எடுக்க சொன்னேன், அதுதான் இப்ப இருக்குறது. மூஞ்சி யாருக்கும் மாத்தல. கலர் மட்டும் ஒரே மாதிரி கொண்டு வந்தேன், தரையில விழற நிழல் நான் வரைஞ்சது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அம்மா தோள் மேல பெரியவர் கை வச்சிருக்காருல்ல, அது அவர் கை இல்லம்மா. அவர் ரெண்டு கையும் பாக்கெட்ல விட்டுட்டு நிக்கிறாரு. மூத்தவன் தோள்ல கை வச்ச மாதிரி வேணும்னு நீங்க கேட்டீங்க, அதனால என் அசிஸ்டென்ட் தம்பிய அதே சட்டை கலர்ல நிக்க வச்சு கைய மட்டும் எடுத்து ஒட்டினேன். உத்துப் பாத்தா நகம் கொஞ்சம் நீளமா தெரியும். அன்னைக்கு ஸ்க்ரீன்ல பாத்ததும் நீங்க அந்த கையத்தான் தொட்டுப் பாத்தீங்க, எனக்கு அப்போ வாயே வரல, வீட்டுக்கு போயும் மனசு கேக்கல.

அதான் கை இல்லாம இன்னொரு பிரிண்ட்டும் உள்ள வச்சிருக்கேன், அதுக்கு காசு வேண்டாம். இல்ல பெரியவர் கைய யாராவது தோள்ல வச்ச மாதிரி எடுத்து அனுப்புனாருன்னா அவர் கையவே போட்டுத் தரேன், ஒரு நாள் வேலைதான். ரெண்டு பிரிண்ட் பின்னாடியும் இது சேத்து செஞ்ச படம்னு பென்சில்ல எழுதிருக்கேன், பேரப்புள்ளைங்க பின்னாடி பாத்து எல்லாரும் ஒரே நாள்ல கூடுனோம்னு நினைச்சுக்க கூடாதுல்ல.

எத ஃப்ரேம் போடன்னு சார்ட்ட கேட்டு ஒரு போன் மட்டும் பண்ணுங்கம்மா.

இப்படிக்கு,
உங்க போட்டோகிராஃபர்