எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, கணித அலகுத் தேர்வு: வினாவாரிப் பகுப்பாய்வும் மறுகற்பித்தல் திட்டமும்

தேர்வுப் பகுதி: விகிதமுறு எண்கள், வர்க்கம், வர்க்கமூலம், கனமூலம், அடுக்குகள். மொத்தம் 25 மதிப்பெண். வினா 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் (சரியான விடையைத் தேர்ந்தெடுத்தல்), 11 முதல் 15 வரை இரண்டு மதிப்பெண், 16 ஐந்து மதிப்பெண் ('அல்லது' வினா). வகுப்பில் 38 பேர், எழுதியவர்கள் 36. வராத இருவரும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவர்களைப் பூஜ்யம் என்று போட்டால் எல்லா வினாவும் உள்ளதைவிடக் கடினமாகத் தெரியும்.

பதிவு செய்த முறை

ஒரு மாணவருக்கு ஒரு வரி, ஒரு வினாவுக்கு ஒரு பத்தி. A-யில் வரிசை எண், B-யில் மொத்தம், C முதல் R வரை 16 வினாக்கள். முதல் பத்து வினாக்களுக்கு 1, 0 என்று மதிப்பெண் போடாமல், மாணவர் எழுதிய விடையின் எழுத்தையே (அ, ஆ, இ, ஈ) ஏற்றியிருக்கிறது. ஏற்ற இருபது நிமிடம் கூடுதலாகும், ஆனால் எத்தனை பேர் தவறினார்கள் என்பதோடு எந்தப் பக்கம் தவறினார்கள் என்பதும் தெரிய வேறு வழியில்லை. எழுதாமல் விட்ட இடத்தில் 'வி'.

வினா 7 (I பத்தி, விடை 'இ') இப்படிக் கணக்கிடப்பட்டது. இரண்டாவது வரி மொத்த மதிப்பெண் இறங்கு வரிசையில் அடுக்கிய பின் போட வேண்டியது:

```
=COUNTIF(I2:I37,"இ")/36
=(COUNTIF(I2:I11,"இ")-COUNTIF(I28:I37,"இ"))/10
```

வகுக்கும் எண்ணாக 36 என்றே போட்டிருக்கிறது. இரண்டு மதிப்பெண் வினாக்களில் COUNT போட்டால் 'வி' என்ற எழுத்தை அது எண்ணாது. விட்டவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள், வினா எளிதாகிவிடும். வினா 12-க்கு N பத்தியின் கூட்டலை 72-ஆல் வகுத்திருக்கிறது.

முதல் வரியில் வருவது எளிமை அளவு. பி.எட். பாடத்தில் இதையே கடினத்தன்மை என்பார்கள். எண் கூடினால் வினா எளிது என்பதால் அந்தப் பெயர் குழப்பும், இங்கே தவிர்த்திருக்கிறோம். இரண்டாவது வரியில் வருவது வேறுபடுத்தும் திறன்: முதல் பத்துப் பேரில் சரியாகச் செய்தவர்களிலிருந்து கடைசிப் பத்துப் பேரில் சரியாகச் செய்தவர்களைக் கழித்து 10-ஆல் வகுப்பது. பத்துப் பேர் என்பது 36-இல் 27 விழுக்காட்டை முழுமையாக்கியது. 36 பேரில் ஒருவர் மாறினால் எளிமை அளவு 0.03 நகரும், பத்தில் ஒருவர் மாறினால் வேறுபடுத்தும் திறன் 0.1 நகரும். ஆகவே 0.47, 0.50 இரண்டையும் வேறு வேறு நிலையாகப் பார்க்க வேண்டாம்.

| வினா | பொருள் | எளிமை அளவு | முதல் 10 | கடைசி 10 | வேறுபடுத்தும் திறன் |
|---|---|---|---|---|---|
| 1 | கூட்டல் எதிர்மறை | 0.86 | 10 | 6 | 0.4 |
| 2 | மிகச் சிறிய விகிதமுறு எண் | 0.39 | 8 | 1 | 0.7 |
| 3 | 144-இன் வர்க்கமூலம் | 0.94 | 10 | 9 | 0.1 |
| 4 | 27²-இன் ஒன்றாம் இலக்கம் | 0.83 | 10 | 6 | 0.4 |
| 5 | (−1)¹⁰¹ | 0.61 | 9 | 3 | 0.6 |
| 6 | 125-இன் கனமூலம் | 0.81 | 10 | 6 | 0.4 |
| 7 | 3⁻² | 0.31 | 6 | 1 | 0.5 |
| 8 | −4/9-இன் தலைகீழி | 0.69 | 9 | 4 | 0.5 |
| 9 | முழு வர்க்க எண் (திருத்திய பின்) | 0.89 | 10 | 8 | 0.2 |
| 10 | 0.0000785 அறிவியல் குறியீட்டில் | 0.33 | 7 | 1 | 0.6 |
| 11 | −7/4 எண்கோட்டில் | 0.69 | 19/20 | 8/20 | 0.55 |
| 12 | 3/4 − (−5/6) | 0.47 | 17/20 | 3/20 | 0.70 |
| 13 | 1/4, 1/3 இடையே இரு எண்கள் | 0.58 | 17/20 | 4/20 | 0.65 |
| 14 | 2304, பகாக் காரணி முறை | 0.74 | 20/20 | 9/20 | 0.55 |
| 15 | சதுர வயலுக்கு வேலி | 0.44 | 14/20 | 4/20 | 0.50 |

வினா 16-ஐ அட்டவணையில் சேர்க்கவில்லை. நீள் வகுத்தலில் 17956-இன் வர்க்கமூலத்தை 27 பேர் எடுத்தார்கள், எளிமை அளவு 0.80. அடுக்கு விதிகளைக் கேட்ட மற்றதை 6 பேர் எடுத்து 0.30 வாங்கினார்கள். மூவர் தொடவில்லை. தானாகத் தேர்ந்தெடுத்த இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டு எது கடினம் என்று சொல்ல முடியாது. ஆனால் 36 பேரில் 6 பேர்தான் அடுக்கைத் தொட்டார்கள் என்பது 7, 10 இரண்டோடும் சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி.

முதலில் வினாத்தாளின் தவறு: வினா 9

முதல் கணக்கில் வினா 9-இன் வேறுபடுத்தும் திறன் −0.3 என்று வந்தது. நன்றாகப் படிப்பவர்களில் 4 பேர் சரி, கடைசிப் பத்தில் 7 பேர் சரி. கழித்தல் குறி வந்தால் மாணவரைப் பார்க்கும் முன் விடைக்குறிப்பைப் பார்க்க வேண்டும். 'முழு வர்க்க எண் எது' என்று கேட்டு 169, 153, 961, 916 என்று கொடுத்திருக்கிறது. விடைக்குறிப்பில் 169 (13²) மட்டும். 961 என்பதும் 31². அதை எழுதிய 13 பேரில் 6 பேர் முதல் பத்துக்காரர்கள். 13 பேருக்கும் ஒரு மதிப்பெண் சேர்த்து, பட்டியலை மறுபடி அடுக்கிய பின் வந்தவையே மேலே உள்ள எண்கள். கடைசிப் பத்தில் ஒருவர் மட்டும் மாறினார். வினா 9-க்கு மறுகற்பித்தல் கிடையாது. 961-க்குப் பதில் 951 என்று மாற்றி வினா வங்கியில் வைத்திருக்கிறது.

வினா 3-இன் 0.1 கவலைப்பட வேண்டியதல்ல. எல்லோருக்கும் தெரிந்த வினா யாரையும் பிரித்துக் காட்டாது.

பாதிக்கு மேல் தவறிய ஐந்து வினாக்கள்: 2, 7, 10, 12, 15

ஐந்து வினா என்றாலும் ஐந்து பாடம் அல்ல.

7-ம் 10-ம் ஒரே வேர். 3⁻²-க்கு 15 பேர் −9, 9 பேர் −6, ஒருவர் 1/6. முதல் கூட்டம் அடுக்கின் கழித்தல் குறியைத் தூக்கி விடையின் முன்னால் வைக்கிறது. இரண்டாவது கூட்டம் அடுக்கைப் பெருக்கலாகவே படிக்கிறது. இந்த ஒன்பது பேருக்கு 3²-ஐக் கேட்டால் 6 என்று சொல்லக்கூடும், அதை முதலில் சோதிக்க வேண்டும். வினா 10-இல் 15 பேர் 7.85 × 10⁵, 4 பேர் 7.85 × 10⁻⁴. இந்த 19 பேரும் வினா 7-ஐயும் தவறவிட்டவர்கள். ஆனால் வினா 10-இல் 78.5 × 10⁻⁶ எழுதிய 5 பேர் வினா 7-ஐச் சரியாகச் செய்திருக்கிறார்கள். மதிப்பு சரி, வடிவம்தான் பிழை: முன்னால் உள்ள எண் 1-க்குக் குறையாமலும் 10-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. அவர்களைப் பாடம் முழுக்க உட்கார வைக்கத் தேவையில்லை.

வினா 2-இல் −5/7, −2/7, −4/7, −1/7 இவற்றுள் சிறியதாக −1/7-ஐ 17 பேர் எடுத்தார்கள். குறியை மறந்து அளவை மட்டும் பார்க்கிற பழக்கம்.

வினா 12-இல் முழு மதிப்பெண் 12 பேர். மற்ற 24 விடைத்தாள்களையும் பிரித்து வைத்தபோது இரண்டு கட்டு தெளிவாகப் பிரிந்தது. 9 பேர் −1/12: மீ.சி.ம. 12 சரி, 9/12, 10/12 சரி, ஆனால் இரண்டு கழித்தல் குறிகளில் ஒன்றை விழுங்கிவிட்டார்கள். 8 பேர் 8/10: குறியைச் சரியாகக் கூட்டலாக மாற்றிவிட்டு, மேலே 3 + 5, கீழே 4 + 6 என்று கூட்டினார்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் முதல் கட்டு 1, இரண்டாவது 0. தேவையான பாடமோ நேர் எதிர். ஒரே விளக்கத்தை இருவருக்கும் சொன்னால் இருவருக்கும் பாதி வீண். மீதம்: 4 பேர் விட்டார்கள், 3 பேர் வேறு பிழை. வினா 2-உம் இதுவும் ஒரே குறிக் குழப்பம் என்று முதலில் தோன்றியது. −1/12 எழுதிய 9 பேரில் 6 பேர் வினா 2-ஐச் சரியாகச் செய்திருப்பதால் தனித்தனியாகவே எடுக்க வேண்டும்.

வினா 15: 1764 ச.மீ. சதுர வயல், வேலியின் நீளம் என்ன. விடை 168 மீ. ஒரு மதிப்பெண் வாங்கிய 18 பேரும் பக்கம் 42 என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 13 பேர் அதையே விடையாக எழுதி அடிக்கோடிட்டார்கள், 5 பேர் இரண்டால் பெருக்கி 84. வர்க்கமூலம் இவர்களுக்குத் தெரியும், மறுபடி நடத்தக் கூடாது. பரப்பையே நான்கால் வகுத்து 441 எழுதிய 6 பேர் வேறு: பரப்பும் சுற்றளவும் கலந்து கிடக்கிறது. 5 பேர் விட்டார்கள்.

மறுகற்பித்தல்: மூன்று பாடவேளை

முதல் பாடவேளை, முழு வகுப்பும் (7, 10). 27, 9, 3, 1 என்று கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் 3³, 3², 3¹, 3⁰. ஒவ்வொரு படியிலும் 3-ஆல் வகுபடுகிறது என்பதை மாணவர்களே சொல்லி, 1/3, 1/9 வரை இறங்க வேண்டும். விதியை முதலில் சொல்ல வேண்டாம். 'குறி மாறும்' என்ற பாதி நினைவிலிருந்துதான் −9 வருகிறது. பிறகு 0.0000785-ஐ இடமதிப்பு அட்டவணையில். 78.5 எழுதிய ஐவருக்குக் கடைசியில் தனியே இரண்டு நிமிடம்.

இரண்டாவது பாடவேளை. முதல் 15 நிமிடம் எண்கோடு, −1/7 முதல் −5/7 வரை, 'இடப்பக்கம் போகப் போகச் சிறியது'. அடுத்த 25 நிமிடம் குழுக்கள். 8/10 எழுதிய 8 பேர், விட்ட 4 பேர், வேறு பிழைக்காரர் 3 பேர்: 24 செ.மீ. காகிதப் பட்டை, 2 செ.மீ. வீதம் 12 பங்கு; 3/4-க்கு 9 பங்கு, 5/6-க்கு 10 பங்கு வண்ணம். 8/10 ஒன்றுக்கும் குறைவு, வண்ணமோ ஒரு பட்டையைத் தாண்டி 19 பங்கு. பிழை கண்ணிலேயே படும். −1/12 எழுதிய 9 பேருக்கு எண்கோட்டில் 3 − 2, 3 − 1, 3 − 0, 3 − (−1) வரிசை. சரியாகச் செய்த 12 பேருக்கு வினா 13 போன்ற நான்கு கணக்குகள். அவர்களைச் சும்மா வைத்தால் மற்ற இரண்டு குழுவும் நடக்காது.

மூன்றாவது பாடவேளையில் 20 நிமிடம் வினா 15. படம் வரைந்து, உள்ளே 1764, கோட்டின் மேல் 42, வேலி எங்கே ஓடுகிறது என்று விரலால் காட்டச் சொல்ல வேண்டும். கணக்கு போடும் முன் 'கேட்டது: ______' என்று ஒரு வரி எழுதும் பழக்கம் அன்றிலிருந்து தொடங்கும்.

வினா 5, 13 இரண்டிலும் கடைசிப் பத்துப் பேர் மட்டுமே பெரிதும் தவறியிருக்கிறார்கள். முழு வகுப்புக்கு வேண்டாம். காலை வழிபாட்டுக்கு முன் 20 நிமிடம், இரண்டு நாள்.

மறுதேர்வு மூன்றாவது பாடவேளையின் கடைசி 15 நிமிடம், வராத இருவரும் சேர்த்து: 2⁻³-இன் மதிப்பு, 0.00042 அறிவியல் குறியீட்டில், −3/8, −7/8, −1/8 இவற்றுள் சிறியது, 5/6 − (−1/4), 1296 ச.மீ. சதுர மனைக்கு வேலி. விடைகள் 1/8, 4.2 × 10⁻⁴, −7/8, 13/12, 144 மீ. முதல் வினாவுக்கு 1/6 என்று யாராவது எழுதினால் அடுக்கை இன்னும் பெருக்கலாகவே படிக்கிறார் என்று பொருள். அவர் 2³-இலிருந்து தொடங்க வேண்டும். எளிமை அளவு 0.70-க்குக் கீழே நிற்கும் வினா எதுவானாலும் அடுத்த வாரம் ஒரு பாடவேளை அதற்கு ஒதுக்கப்படும்.