வேளச்சேரி வீட்டின் பேரிடர் தொடர்புத் திட்டம்

இந்தத் தாள் செல்வம், மீனா, கயல், இனியன், பாட்டி ஆகிய நம் ஐந்து பேருக்கானது. கோவை சாந்தி பெரியம்மா, பரங்கிமலை அத்தை, இரண்டாவது மாடி லலிதா அக்கா மூவரிடமும் ஆளுக்கொரு பிரதி இருக்கிறது. ஃபோன் எண்களை இதில் எழுதவில்லை. சமையலறைக் கதவில் ஒட்டப்போகும் தாள் என்பதால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்கள். எண்கள் அவரவர் அட்டையில் மட்டும்.

முதல் தகவல் கோவைக்கு

மழை, புயல், தீ எதுவானாலும் நாம் ஒருவரை ஒருவர் தேடி அழைக்கப்போவதில்லை. ஒவ்வொருவரும் சாந்தி பெரியம்மாவுக்குத்தான் முதலில் சொல்கிறோம். மற்றவர்களைப் பற்றி அவரிடமே கேட்டுக்கொள்கிறோம்.

காரணம் இதுதான். செல்வம் அம்பத்தூரிலிருந்து மீனாவை அழைத்தால் இரண்டு முனையும் சென்னையில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் டவர் வேலை செய்ய வேண்டும், இரண்டு பக்கமும் நெரிசல் இருக்கக் கூடாது. கோவைக்கு அழைத்தால் ஒரு முனை சரியாக இருந்தால் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரத்தில் பல இடங்களில் மொபைல் அடங்கிப்போனது. கரண்ட் நின்றால் டவர் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு டீசல் வேண்டும். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசல் வண்டி அங்கே போய்ச் சேராது. அதனால் முதல் சில மணி நேரம் நமக்குப் பொன்னானது. அப்போதே தகவலை அனுப்பிவிட வேண்டும்.

பெரியம்மாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். கோவை சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையை விட்டு வெகுதூரத்தில் இருக்கிறது. நம்மை அடிக்கும் புயல் அதே நாளில் அங்கேயும் ஃபோனை அறுப்பது அரிது. இரண்டாவது, அவர் பகலில் வீட்டில் இருப்பவர், பதறாமல் எழுதிவைப்பவர். அவர் கிடைக்காவிட்டால் பெங்களூரு சித்தப்பா. மூன்றாவது ஆள் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆள் கூடினால் பாதிச் செய்தி ஒருவரிடமும் மீதி இன்னொருவரிடமும் தங்கிவிடும்.

பெரியம்மாவின் எண் ஐந்து பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நம் ஃபோன் நனைந்து, யாரோ ஒருவரிடம் ஃபோன் வாங்கிப் பேசும் நிலையில் கான்டாக்ட் லிஸ்ட் கையில் இருக்காது. இனியனுக்கு ஞாயிறு காலை ஒரு தடவை கேட்டுச் சரிபார்க்கப்படும்.

எப்படி அனுப்புவது

முதலில் சாதாரண எஸ்எம்எஸ். ஒரு அழைப்புக்கு லைன் தொடர்ந்து திறந்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நொடி சிக்னல் கிடைத்தால் போதும். எதிர்முனை ஃபோன் அணைந்திருந்தாலும் கம்பெனியின் சர்வரில் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். வாட்ஸ்ஆப்புக்கு டேட்டா வேண்டும், ஒரே ஒரு டிக் விழுந்தால் அது அவர் ஃபோனுக்குப் போகவில்லை என்று பொருள். அதை நம்பி உட்காரக் கூடாது.

தமிழ் எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துகள்தான், ஆங்கில எழுத்தில் 160. நீளமான செய்தி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு மட்டும் போய்ச் சேரலாம். அதனால் ஆங்கில எழுத்தில், இந்த வரிசையில்: பெயர், நிலை, இடம், நேரம், அடுத்து என்ன.

```
KAYAL NALAM. TAMBARAM COLLEGE HOSTEL. 6.40PM. KALAI VARAI INGEYE
```

நேரம் இல்லாத செய்தியால் பயனில்லை. மாலை 4 மணிக்கு எழுதியது இரவு 11 மணிக்கு வந்தால், இப்போதுதான் கிளம்பினாள் என்று பெரியம்மா நினைத்துக்கொள்வார். "ஓகே", "வந்துட்டேன்" என்று மட்டும் அனுப்பவே கூடாது.

போகாவிட்டால் பத்து நிமிடம் கழித்து மறுபடி. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி தீர்வதுதான் மிச்சம். செல்வத்திடமும் மீனாவிடமும் வெவ்வேறு கம்பெனி சிம்கள் இருக்கின்றன, ஒன்று படுத்தால் இன்னொன்று. சிக்னலே இல்லாவிட்டால் செட்டிங்ஸில் நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, பட்டியலில் வருவதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கவும். பேரிடர் நேரத்தில் ஒரு கம்பெனி சிம் இன்னொரு கம்பெனி டவரில் வேலை செய்ய அரசு அனுமதி தருவது உண்டு.

முதல் செய்திக்குப் பிறகு காலை 7, பகல் 1, இரவு 7 என மூன்று வேளை மட்டும் ஃபோனைத் திறப்போம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். மற்ற நேரம் ஏரோபிளேன் மோட். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி இறங்கும் என்பதால் இதைச் சொல்கிறோம். நம் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு ஃபோனை ஏறத்தாழ ஒன்றேகால் தடவைதான் முழுதாக நிரப்பும், இரண்டு தடவை என்று கணக்குப் போடாதீர்கள்.

வீட்டு லேண்ட்லைனை நம்ப வேண்டாம். அது ஃபைபர் இணைப்பு. சுவரில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் போனால் ஃபோனும் போய்விடும். எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்த பழைய செம்புக் கம்பி இணைப்பு நம்மிடம் இப்போது இல்லை.

கூடும் இடங்கள்

வீட்டுக்குள் தீ, கேஸ் கசிவு: எதிர் வரிசை மூலையில் இஸ்திரி வண்டி நிற்கும் வேப்பமரத்தடி. செருப்புக்கும் ஃபோனுக்கும் திரும்பி ஓடக் கூடாது. கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து, மரத்தடியிலிருந்து 1906. தீ என்றால் 101 அல்லது 112. ஐந்து தலையும் எண்ணியாகும்வரை யாரும் நகரக் கூடாது.

தெருவில் வெள்ளம்: லலிதா அக்காவின் இரண்டாவது மாடி வீடு. தண்ணீர் வாசலின் முதல் படியைத் தொட்டதும் மெயினை அணைத்துவிட்டு ஏற வேண்டும், இரண்டாவது படிக்குக் காத்திருக்க வேண்டாம். பாட்டியால் இருட்டில் மாடி ஏற முடியாது. ஆகவே சென்னைக்கு ரெட் அலர்ட் என்று வானிலை மையம் சொன்ன அன்று மாலையே, தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, பாட்டி மேலே போய்விடுவார். இன்சுலின், குளிர்ப்பை, சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றும் அவருடனேயே போகும். அக்கா ஊரில் இல்லாவிட்டால் சாவி எங்கே என்று நம் எல்லோருக்கும் தெரியும், இங்கே எழுதவில்லை.

வீட்டுக்கு வரவே முடியாவிட்டால்: பரங்கிமலையில் மேட்டில் இருக்கும் அத்தை வீடு. வேளச்சேரி ரயில் நிலையத்தை நாம் எடுக்காததற்குக் காரணம், பிளாட்ஃபாரம் உயரத்தில் இருந்தாலும் சுற்றியுள்ள சாலை மழைக்கு முழுகும். மேம்பாலத்தில் மழைக்கு முன்பே கார்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். பரங்கிமலை மெட்ரோ நிலைய வாசலையும் எடுக்கவில்லை. 2023-இல் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதால் பயணிகளை ஆலந்தூரில் ஏறச் சொன்னார்கள். அத்தை வீட்டு வாசல்தான் இடம்.

செல்வம்: அம்பத்தூரிலிருந்து கோயம்பேடு, அங்கிருந்து மெட்ரோவில் ஆலந்தூர், பிறகு நடை. மெட்ரோ நின்றால் அன்றிரவு கம்பெனியிலேயே தங்குவது. இருட்டிய பிறகு அடையாற்றுப் பாலம் எதையும் நடந்து கடக்கக் கூடாது.

கயல்: தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை. ரயில் இல்லாவிட்டால் கல்லூரி விடுதியில் தோழியின் அறை. ஜி.எஸ்.டி. சாலையில் லிஃப்ட் கேட்டு வரும் வேலை வேண்டாம்.

மீனா: கிண்டியிலிருந்து நேரே இனியனின் ஆதம்பாக்கம் பள்ளிக்கு. பிறகு இருவரும் பரங்கிமலை ரயில் நிலைய நடைமேம்பாலம் வழியாக அத்தை வீட்டுக்கு. தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் இறங்கவே கூடாது, தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும். நடைமேம்பாலத்தடியில் தண்ணீர் நின்றால் பள்ளியிலேயே இருவரும் தங்கலாம்.

இனியனுக்கு மட்டும்

பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கும் பெயர்கள் மூன்று: அம்மா, அத்தை, லலிதா அக்கா. வேறு யார் வந்து "அப்பா அனுப்பினார்" என்றாலும் நம் ரகசியச் சொல்லைக் கேள். சொல்லாவிட்டால், தெரிந்த முகமாக இருந்தாலும், டீச்சர் பக்கத்திலேயே நில். யாரும் வராவிட்டாலும் தனியாகக் கிளம்பாதே. பள்ளி ஆஃபீஸ் ஃபோனில் பெரியம்மாவுக்குப் பேசு, நீ எங்கே இருக்கிறாய் என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிடுவார்.

பெரியம்மாவின் நோட்டு

சாந்தி அக்கா, ஒரு நோட்டில் ஐந்து பெயருக்கும் ஐந்து பக்கம் ஒதுக்கிவிடுங்கள். யார் பேசினாலும் நேரம், இடம், அவர் சொன்ன வாக்கியம் அப்படியே. அடுத்து அழைப்பவருக்கு அந்த வாக்கியத்தை மாற்றாமல் படித்துக் காட்டுங்கள், "நல்லாத்தான் இருப்பாங்க" என்று சேர்க்க வேண்டாம். எங்களை நீங்களாக அழைக்காதீர்கள், நாங்கள் அழைக்கும்போது உங்கள் லைன் காலியாக இருக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போட்டு, எங்களை அழைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

ஒருவரிடமிருந்து 24 மணி நேரம் எதுவும் வராவிட்டால், அவருடைய கடைசி இடத்தைச் சொல்லி 1070-க்கு, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு, அழையுங்கள். 1077 வேண்டாம். கோவையிலிருந்து அழுத்தினால் அது கோவை மாவட்டத்துக்குத்தான் போகும்.

அட்டை

ஆளுக்கு ஒன்று, பால்பாயிண்ட் பேனாவில். ஜெல் மை தண்ணீர் பட்டால் பரவிவிடும். முன்பக்கம் பெரியம்மா, சித்தப்பா, அத்தை, லலிதா அக்கா, நம் நான்கு ஃபோன் எண்கள், 112, 108, 1913. பின்பக்கம் ரத்த வகை, மருந்து, ஒவ்வாமை. லேமினேட் செய்யும்போது சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டவும். காகித ஓரத்தோடு ஒட்ட நறுக்கினால் அந்த விளிம்பு வழியே தண்ணீர் ஏறி, இரண்டே நாளில் எண் கலங்கிவிடும். பாட்டியின் அட்டை சுருக்குப்பையில், இனியனுடையது ஸ்கூல் பையின் உள் ஜிப்பில்.

பேட்டரி ரேடியோ பரணில் இல்லை, மாடிக்குப் போகும் பையில் இருக்கிறது. சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ், ரெயின்போ எஃப்எம் 101.4. பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறோம், உள்ளேயே கிடந்தால் கசிந்து முனையை அரித்துவிடும்.

ஒத்திகை

அக்டோபர் முதல் ஞாயிறு, வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன். டேட்டாவை அணைத்துவிட்டு ஐந்து பேரும் தனித்தனியாகக் கோவைக்கு எஸ்எம்எஸ். பாட்டி அட்டையைப் பார்த்து லலிதா அக்காவின் ஃபோனில் எண்ணை அழுத்திப் பேச வேண்டும். இனியன் அம்மாவோடு பள்ளியிலிருந்து அத்தை வீடுவரை நடக்க வேண்டும். யாராவது எண் மாற்றினால் அன்றே எல்லா அட்டைகளும் புதிதாக.

எல்லாம் ஓய்ந்த பிறகும், பெரியம்மாவின் நோட்டில் ஐந்து பெயருக்கும் நேராக "அத்தை வீடு" அல்லது "வீடு" என்று விழும்வரை மூன்று வேளைத் தகவல் தொடரும். ஐந்தாவது பெயர் விழுந்ததும் அவரே எல்லோருக்கும் "MUDINTHADHU" என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவார்.

செல்வம், மீனா